சிம் எண்ணின் நாடும் வலையமைப்பின் நாடும்: திருப்பதியை முன்வைத்து ஓர் ஒப்பீடு

ஒடிசாவில் ஏர்டெல் இணைப்பு பெற்ற பக்தர் ஒருவர் திருப்பதிக்கு வருகிறார் என்று கொள்வோம். அவருடைய சிம் கார்டுக்குள் இருக்கும் சந்தாதாரர் எண் (ஐஎம்எஸ்ஐ) 405-53 என்று தொடங்குகிறது. திருப்பதியில் அவரது கைபேசி சேர்கிற ஏர்டெல் வலையமைப்பு தன்னை 404-49 என்று அறிவிக்கிறது. இவ்விரு குறியீடுகளிலும் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டுக் குறியீடு. 405 என்பது 404 அன்று. ஆகவே இவர் வேறு நாட்டிலிருந்து வந்தவர் என்று ஒரு மென்பொருள் முடிவு கட்டினால், அதன் கணக்கில் பிழை இல்லை. அதற்குக் கொடுக்கப்பட்ட விதியில்தான் பிழை. எண்ணை எண்ணோடு ஒப்பிடுவது நாட்டை நாட்டோடு ஒப்பிடுவது ஆகாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்தியாவுக்கு 404, 405, 406 என்று மூன்று கைபேசி நாட்டுக் குறியீடுகள் உள்ளன. காரணம் நம் உரிம முறையில் இருக்கிறது. இங்கே நிறுவனத்துக்கு நாடு முழுவதற்குமாக ஒரே குறியீடு தரப்படவில்லை. 22 சேவை வட்டங்களில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உரிமமும் வலையமைப்புக் குறியீடும் தரப்பட்டன. இரண்டு இலக்க வலையமைப்புக் குறியீட்டில் அதிகம் போனால் நூறு எண்கள்தாம் அடங்கும். பல நிறுவனங்கள் 22 வட்டங்களில் பரவியபோது 404 போதாமல் 405 வந்தது. அதனால் ஏர்டெல் என்னும் ஒரே நிறுவனமே ஆந்திரத்தில் 404-லும் ஒடிசா, பிகார், அசாம் வட்டங்களில் 405-லும் நிற்கிறது.

சிம் கார்டின் மேல் அச்சிட்டிருக்கும் நீண்ட எண் (ஐசிசிஐடி) வேறு ஒரு வகையைச் சேர்ந்தது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் இ.118 பரிந்துரை அதன் அமைப்பைச் சொல்கிறது. முதலில் 89, தொலைத்தொடர்புத் துறைக்கான அடையாளம். அடுத்து நாம் வெளிநாட்டுக்கு அழைக்கும்போது போடுகிற அதே நாட்டு எண்: இந்தியாவுக்கு 91, இலங்கைக்கு 94, மலேசியாவுக்கு 60, வங்கதேசத்துக்கு 880. ஆகவே இந்திய சிம்மின் எண் 8991 என்றும், இலங்கை சிம்மின் எண் 8994 என்றும் தொடங்கும். நாட்டு எண் ஓரிலக்கமாகவும் மூன்றிலக்கமாகவும் வரலாம் என்றாலும் படிப்பதில் குழப்பம் வராது. எந்த நாட்டு எண்ணும் மற்றொன்றின் தொடக்கமாக அமையாதபடி அவை வகுக்கப்பட்டுள்ளன. அட்டவணையை வைத்துக்கொண்டு இடமிருந்து வலமாகப் படித்தால் போதும்.

எனவே ஒரே சிம்மில் ஒரே நாடு இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கிறது: ஐசிசிஐடியில் 91, ஐஎம்எஸ்ஐயில் 404 அல்லது 405. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. 91 என்பதையும் 405 என்பதையும் தனித்தனியே ‘இந்தியா’ என்று மாற்றிக்கொண்டு, பிறகு பெயரைப் பெயரோடு ஒப்பிட வேண்டும்.

மேலே சொன்ன பக்தரின் கைபேசிக்குப் பதிலாக ஒரு மோடத்தில் அதே சிம்மைப் போட்டுப் பார்த்தால் கிடைப்பது இவ்வாறு இருக்கும். கடைசி இலக்கங்கள் எடுத்துக்காட்டுக்காகப் புனைந்தவை.

```
AT+CIMI
405530000012345
AT+COPS=3,2
AT+COPS?
+COPS: 0,2,"40449",7
```

முதல் விடை சிம்மின் சொந்த வலையமைப்பைத் தருகிறது. கடைசி விடை இப்போது சேர்ந்திருக்கும் வலையமைப்பைத் தருகிறது. 405 இந்தியா, 404 இந்தியா. ஆகவே வெளிநாட்டு ரோமிங் இல்லை. 53, 49 என்பவை வட்டம் மாறியதை மட்டும் சொல்கின்றன. அதே மோடத்தில் மலேசிய சிம் இருந்தால் ஐசிசிஐடி 8960 என்றும் ஐஎம்எஸ்ஐ 502 என்றும் தொடங்கும். அவை இரண்டும் ஒரே நாட்டைக் காட்டுவதால் சிம்மில் முரண் இல்லை. திருப்பதி வலையமைப்பின் 404 மட்டும் வேறு நாடு. அது உண்மையான வெளிநாட்டு ரோமிங். சிம்முக்குள் இரண்டு எண்களும் ஒத்துப்போகின்றனவா என்பது ஒரு கேள்வி, சிம்மும் வலையமைப்பும் ஒத்துப்போகின்றனவா என்பது இன்னொரு கேள்வி. இவற்றை ஒன்றாகக் குழைத்துவிடும் நிரல், சுற்றுலாப் பயணியைப் போலி சிம் வைத்திருப்பவராகக் காட்டும்.

வலையமைப்புக் குறியீட்டின் நீளத்தில் இன்னொரு குழி இருக்கிறது. ஜியோவுக்கு ஆந்திர வட்டத்தில் 405-854, தமிழ்நாட்டில் 405-869: மூன்று இலக்கங்கள். ஏர்டெல்லின் 405-53 இரண்டு இலக்கம். ஐஎம்எஸ்ஐயில் இடைக்கோடு கிடையாது என்பதால் எங்கே வெட்டுவது என்று அந்த எண்ணே சொல்லாது. எல்லாவற்றையும் இரண்டில் வெட்டினால் தமிழ்நாட்டு ஜியோ 405-86 ஆகிவிடும். ஜம்மு காஷ்மீரின் 405-860-ம் அதே 405-86 ஆகும். சரியான விடை சிம்முக்குள்ளேயே இருக்கிறது: 6FAD என்னும் நிர்வாகத் தரவுக் கோப்பின் நான்காம் பைட்டில் 2 அல்லது 3 என்று நீளம் எழுதப்பட்டிருக்கும். இது எழுதப்படாத சிம்களுக்காக ஆண்ட்ராய்டு தன் நிரலிலேயே மூன்றிலக்கக் குறியீடுகளின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. அதில் மிகப் பெரும்பாலானவை 405-இல் தொடங்கும் இந்தியக் குறியீடுகள். தவறான இடத்தில் வெட்டுவது நாட்டைக் கண்டறிவதைக் கெடுக்காது, வட்டத்தைக் கெடுக்கும்.

ஐசிசிஐடியைப் படிக்கும்போது வரும் தவறுகள் வேறு. 8991000012345678905 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். கடைசி 5 லூன் முறையில் கணக்கிட்ட சரிபார்ப்பு இலக்கம். சிம்மின் 2FE2 கோப்பை நேரடியாகப் படித்தால் இவ்வெண் இப்படித் தெரியும்:

```
98 19 00 00 21 43 65 87 09 F5
```

ஒவ்வொரு பைட்டிலும் இரு இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன. F என்பது வெற்றிடத்தை நிரப்புவது. 98-இல் தொடங்கினால் மாற்றாமல் படித்திருக்கிறோம் என்று உடனே தெரிந்துகொள்ளலாம். இசிம் உள்ள கைபேசிகளில் 89-இல் தொடங்கும் 32 இலக்க எண் ஒன்றும் தென்படும். அது சில்லின் அடையாளம் (ஈஐடி), ஐசிசிஐடி அன்று. அதில் நாட்டு எண்ணைத் தேடக் கூடாது. சரிபார்ப்பு இலக்கம் பொருந்துவதால் சிம் உண்மையானது என்றும் ஆகிவிடாது. கையால் எழுதும்போது ஓர் இலக்கம் தவறினால் அது காட்டிக்கொடுக்கும்; வேண்டுமென்றே கட்டிய எண்ணுக்கு அதே கணக்கை எவரும் போட்டுவிடலாம். பல நாடுகளில் இயங்கும் கருவிகளுக்கான சிம்களில் 89-ஐ அடுத்து 882, 883 போன்ற பொது எண்களும், ஐஎம்எஸ்ஐயில் 901-ம் வரும். இவை எந்த நாட்டுக்கும் உரியவை அல்ல. இவற்றுக்கு ‘நாடு இல்லை’ என்ற விடையையே நிரல் தர வேண்டும்.

இக்குறியீடுகளைக் கொண்டு ஒருவர் இருக்கும் ஊரைச் சொல்லிவிடலாம் என்று எண்ணுவோருக்குச் சித்தூர் நல்ல மறுப்பு. 2014-இல் தெலங்கானா பிரிந்தது. 2022 ஏப்ரலில் சித்தூரிலிருந்து திருப்பதி தனி மாவட்டமாயிற்று. சேவை வட்டம் பிரியவில்லை. 404-49 திருப்பதியிலும் அதுதான், ஹைதராபாத்திலும் அதுதான். எல்லையோர நகரியில் கைபேசி தமிழ்நாட்டுப் பக்கத்துக் கோபுரத்தில் சேர்ந்துவிட்டால், ஆந்திர மண்ணில் நிற்பவரின் திரையில் தமிழ்நாட்டுக் குறியீடு வரும். குறியீடு கோபுரத்தின் உரிமத்தைச் சொல்கிறது. கைபேசி நிற்கும் மண்ணைச் சொல்வதில்லை. கைபேசி எண்ணின் தொடக்க இலக்கங்களோ இதைவிடப் பலவீனமான சான்று. 2015 ஜூலை முதல் நாடு முழுவதும் எண்ணை மாற்றாமல் வட்டம் மாறலாம். வேலூரில் வாங்கிய எண்ணைச் சித்தூருக்குக் கொண்டுவந்தவரின் புதிய சிம்மில் ஆந்திர ஐஎம்எஸ்ஐ இருக்கும், எண் பழையதாகவே இருக்கும்.

கைபேசிக் கட்டணம், வங்கிப் பாதுகாப்பு, வாகன இருப்பிடக் கருவி ஆகியவற்றுக்கு நிரல் எழுதுவோர் 404, 405, 406 மூன்றையும் ஒரே நாடாகக் கொள்ளும் அட்டவணையைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். அதில் 404-ம் 405-ம் ஒரே நாடாகின்றனவா என்று சோதிக்க, 405-53 சிம்மும் 404-49 வலையமைப்பும் கொண்ட ஒரே ஒரு சோதனை போதும்.