பதிவை பூஸ்ட் செய்தலும் விளம்பரப் பிரச்சாரம் அமைத்தலும்

ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ ஏற்கெனவே போட்டுவிட்ட ஒரு பதிவைப் பணம் கட்டி மேலும் பலருக்குக் காட்டச் செய்வது பூஸ்ட் எனப்படுகிறது. அதே மெட்டா நிறுவனத்தின் ஆட்ஸ் மேனேஜருக்குள் போய், நோக்கம், பார்வையாளர், செலவு, படம், வாசகம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக முடிவு செய்து கட்டுவது விளம்பரப் பிரச்சாரம். தொழிலில் இருப்பவர்கள் வாயில் அது கேம்பெய்ன். பூஸ்ட் என்றாலே பணத்தை ஆற்றில் கொட்டுவது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே கம்பெனிக்குப் போகிற பணம்தானே, எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டு பேச்சும் பாதிதான் சரி. பூஸ்ட் செய்த பதிவும் கேம்பெய்ன் விளம்பரமும் ஒரே ஏலத்தில்தான் போட்டியிடுகின்றன. பூஸ்ட் செய்ததுகூட ஆட்ஸ் மேனேஜரில் ஒரு கேம்பெய்னாகவே பதிவாகிறது. வித்தியாசம், அந்த ஏலத்துக்குப் போகும்போது எப்படிப்பட்ட ஆளைத் தேடித் தரச் சொல்கிறோம் என்பதில் இருக்கிறது. எதை எப்போது பயன்படுத்துவது என்ற கேள்விக்கு இந்த ஓர் இடத்திலிருந்துதான் விடை கிடைக்கும்.

ஒருவர் தன் செல்போனில் திரையைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது, அவருக்கு அடுத்து எந்த விளம்பரத்தைக் காட்டுவது என்று ஓர் ஏலம் நடக்கிறது. அதிகப் பணம் வைத்தவர் ஜெயிக்கும் சாதாரண ஏலம் அல்ல அது. விளம்பரதாரர் எவ்வளவு கொடுக்கத் தயார், இந்தக் குறிப்பிட்ட ஆள் நாம் கேட்ட செயலைச் செய்வதற்கு எவ்வளவு வாய்ப்பு, விளம்பரத்தின் தரம் எப்படி ஆகிய மூன்றையும் சேர்த்து மெட்டா முடிவு செய்கிறது. நடுவில் உள்ளதுதான் நமக்கு முக்கியம். நாம் கேட்ட செயல் லைக் என்றால், லைக் போடும் பழக்கம் உள்ளவர்களாகப் பார்த்து விளம்பரம் போய்ச் சேரும். கேட்டது வாட்ஸ்அப்பில் பேச்சைத் தொடங்குவது என்றால், கடைக்காரர்களுக்கு மெசேஜ் அனுப்பிப் பழகியவர்களிடம் போகும். ஒரே ஊர், ஒரே வயது, ஒரே விருப்பம் என்று வரையறுத்த கூட்டத்துக்குள்ளேயே இந்த இரண்டு வகை ஆட்களும் வேறு வேறு. எல்லாவற்றுக்கும் லைக் போடுபவர்கள் ஏராளம் என்பதால் லைக் மலிவாகக் கிடைக்கிறது. அந்த மலிவைப் பார்த்து விளம்பரம் நன்றாக ஓடுகிறது என்று நம்புவதுதான் பூஸ்டில் பலர் சறுக்கும் இடம்.

பூஸ்ட் பொத்தானை அழுத்தினால் இலக்கை மெட்டாவே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அவசரத்தில் அதை அப்படியே விட்டுவிட்டு, ஊரையும் நாட்களையும் மட்டும் போட்டுப் பணம் கட்டிவிடுகிறார்கள். இரண்டு நாளில் பதிவின் கீழே இதயக் குறிகள் குவியும், ‘விலை?’ என்று சில கருத்துகள் வரும். பதில் சொன்னால் மறுபேச்சு இருக்காது. படமும் விலையும் சரியாக இருந்தும் இப்படி நடந்தால், லைக் போடுபவர்களைத்தான் கேட்டிருக்கிறோம், அவர்களையே கொடுத்திருக்கிறது என்று பொருள்.

இதற்கு நியாயமான ஒரு மறுப்பு உண்டு. இப்போது பூஸ்டிலேயே மெசேஜ், இணையதள வருகை, போன் அழைப்பு என்று இலக்கைத் தேர்ந்தெடுக்கலாமே, பிறகு கேம்பெய்ன் எதற்கு? இலக்கை மாற்றிக்கொண்டால் பூஸ்டின் பெரிய குறை தீர்ந்துவிடுகிறது என்பது உண்மை. அதைச் செய்யாமல் பூஸ்ட் போடவே கூடாது. ஆனாலும் இரண்டு குறைகள் மிஞ்சும். ஏற்கெனவே வாங்கியவர்களை விலக்குவது, ஒரே பட்ஜெட்டில் மூன்று நான்கு படங்களை ஓடவிட்டு எது இழுக்கிறது என்று பார்ப்பது, இணையக் கடையில் பணம் கட்டி முடிக்கக்கூடியவரையே குறிவைப்பது போன்றவற்றுக்கு ஆட்ஸ் மேனேஜர்தான் வேண்டும். இதைவிடப் பெரியது இரண்டாவது குறை. ஒரு விளம்பரத் தொகுப்பு யாரிடம் போனால் பலன் என்பதைப் புரிந்துகொள்ள, கேட்ட செயல் ஒரு வாரத்தில் சுமார் 50 முறை நடக்க வேண்டும் என்கிறது மெட்டா. அதுவரை அது கற்கும் கட்டம். செலவு ஏறி இறங்கும். அந்த எண்ணிக்கை வரப்போவதில்லை என்று தெரிந்தால் ஆட்ஸ் மேனேஜர் அந்தத் தொகுப்பின் வரிசையில் Learning limited என்று காட்டும். மாதத்தில் ஆறு பதிவுகளைத் தலா 500 ரூபாய் என்று பூஸ்ட் செய்தால், ஆறு முறை முதலிலிருந்து கற்கத் தொடங்கி ஆறு முறையும் பாதியில் நிற்கிறது. அதே 3,000 ரூபாயை ஒரே தொகுப்பில் போட்டால் கற்றது அங்கேயே சேர்கிறது.

கணக்காகப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். சேலம் மாவட்டத்து இளம்பிள்ளையில் சேலை எடுத்து வாட்ஸ்அப் வழியாக விற்கும் ஒரு சிறு வியாபாரியை வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஒரு சேலை 900 ரூபாய். கொள்முதல், பேக்கிங், கூரியர் போக விளம்பரத்துக்கு முந்தைய லாபம் 250 ரூபாய். வாட்ஸ்அப்பில் பேச்சைத் தொடங்கும் எட்டுப் பேரில் ஒருவர் வாங்குகிறார். அப்படியானால் ஒரு பேச்சுக்கு 31 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கைநஷ்டம். 20 ரூபாயில் கிடைத்தால் ஒரு சேலைக்கு விளம்பரச் செலவு 160, மிச்சம் 90. கற்கும் கட்டத்தைத் தாண்ட வாரத்துக்கு 50 பேச்சுகள் வேண்டும். உச்ச விலையான 31 ரூபாயிலேயே கிடைத்தாலும் அதற்கு ஆகும் செலவு 1,550 ரூபாய், அதாவது ஒரு நாளுக்கு 220 ரூபாய்க்குச் சற்று மேல். இந்த வியாபாரியால் அந்தப் பணத்தைத் தொடர்ந்து சில வாரங்கள் போட முடியுமென்றால் மெசேஜை நோக்கமாக வைத்த கேம்பெய்ன் அவருக்குப் பொருந்தும். முடியாது என்றால், தாங்கும் தொகைக்கு மெசேஜை இலக்காக வைத்து ஒரு பூஸ்ட் போட்டுக்கொள்வதில் தவறொன்றும் இல்லை. கற்காத கேம்பெய்னுக்கும் அதற்கும் பலனில் பெரிய தூரம் இருக்காது, வேலையாவது மிச்சம்.

அதே வியாபாரி இணையக் கடை திறந்து, மெட்டா பிக்சலைப் பொருத்தி, விற்பனையையே நோக்கமாக வைக்கிறார் என்றால் கணக்கு தலைகீழாகிறது. ஒரு விற்பனைக்கு அதிகபட்சம் 250 ரூபாய் கொடுக்கலாம். வாரத்துக்கு 50 விற்பனை என்றால் 12,500 ரூபாய், ஒரு நாளுக்கு ஏறக்குறைய 1,800. ஒரு நாளுக்கு 300 ரூபாய் வைத்துக்கொண்டு விற்பனைக் கேம்பெய்ன் ஓட்டினால், வாரத்துக்கு எட்டு விற்பனை வருவதே அபூர்வம்; கருவிக்குக் கற்க எதுவும் இருக்காது. ஆட்ஸ் மேனேஜரில் செய்துவிட்டோம் என்பதாலேயே அது நல்ல விளம்பரம் ஆகிவிடாது என்பதற்கு இதுதான் சான்று. இந்த நிலையில் செய்ய வேண்டியது, விற்பனைக்கு ஒரு படி முன்னால் இருப்பதும் அடிக்கடி நடப்பதுமான ஒரு செயலை நோக்கமாக வைப்பது. கூடையில் பொருளைச் சேர்ப்பது அத்தகையது. வாட்ஸ்அப் பேச்சும் அப்படியே. ஒரேயடியாகப் பின்வாங்கி லைக்குக்கோ வெறும் க்ளிக்குக்கோ போய்விட்டால் பழைய சிக்கல் திரும்பிவிடும்.

பூஸ்டை ஆதரிப்பவர்கள் சொல்லும் வலுவான வாதம் ஒன்று மிச்சமிருக்கிறது. பூஸ்ட் செய்த பதிவில் லைக்கும் கருத்தும் சேர்வதால் புதிதாகப் பார்ப்பவருக்கு நம்பிக்கை வருகிறது, கேம்பெய்ன் விளம்பரம் மொட்டையாக நிற்கிறது என்பது அது. முகம் தெரியாத கடைக்குப் பணம் அனுப்பத் தயங்கும் வாடிக்கையாளர் கருத்துகளைப் படித்துப் பார்க்கிறார் என்பதை மறுக்க முடியாது. ஆனால் இதற்காக பூஸ்ட் வேண்டியதில்லை. ஆட்ஸ் மேனேஜரில் விளம்பரம் அமைக்கும் இடத்தில் Use existing post என்று ஒரு வழி உண்டு. பக்கத்தில் இருக்கும் பதிவையே விளம்பரமாக எடுத்துக்கொள்ளலாம்; பழைய லைக்குகளும் கருத்துகளும் கூடவே வரும், புதியவையும் அதே பதிவில் சேரும். இன்னொரு வாதம், பார்வையாளர் தேர்வு முழுவதையும் இப்போது மெட்டாவே தானியங்கியாகச் செய்துகொள்வதால் வித்தியாசம் தேய்ந்துவிட்டது என்பது. யாருக்கு, எங்கே காட்டுவது என்பதில் அது பெரும்பாலும் சரி. எந்தச் செயலைத் தேடுவது, அது நடந்ததென்று எதைக் கொண்டு கணக்கு வைப்பது ஆகியவற்றை இன்னும் விளம்பரதாரர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பூஸ்டே சரியான தேர்வாகும் இடங்கள் கணிசமாக உண்டு. பதிவைப் பார்ப்பதே பயன் என்றால் பூஸ்ட் போதும். கிளினிக் அடுத்த தெருவுக்கு மாறியது, கல்யாண மண்டபத்தில் சனி ஞாயிறு மட்டும் கண்காட்சி, ஆடித் தள்ளுபடி நாளையோடு முடிகிறது போன்ற செய்திகளுக்கு யாரும் எதையும் அழுத்த வேண்டாம். கடையைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் கண்ணில் பட்டால் சரி. இரண்டு நாளில் முடிகிற விஷயத்துக்குக் கற்கும் கட்டம் என்ற பேச்சே எழாது. பணம் எதுவும் கட்டாமலேயே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பதிவும் பூஸ்டுக்கு ஏற்றது, ஏனென்றால் அதன் படமும் வாசகமும் வேலை செய்கின்றன என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டது. யாரும் சீண்டாத பதிவைத் தூக்கி நிறுத்த பூஸ்ட் போடுவதுதான் வழக்கமாக நடக்கிறது; அது வீண். ஐபோன் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செயலிக்குள்ளிருந்து பூஸ்ட் செய்தால் ஆப்பிளின் 30 சதவீதக் கட்டணம் மேலே சேரும் என்று மெட்டா 2024-இல் அறிவித்தது. பிரவுசர் வழியாகச் செய்தால் அது கிடையாது.

எந்த வழியில் போனாலும் திரை காட்டும் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. பேச்சைத் தொடங்கியவர் எண்ணிக்கையை மெட்டா சொல்லும். வாட்ஸ்அப்பில் பேசிமுடித்து ஜிபேயில் பணம் அனுப்பியவர் எத்தனை பேர் என்று அதற்குத் தெரியாது. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் New customer, Paid போன்ற லேபிள்களை ஒழுங்காகப் போட்டு வந்தால் எட்டில் ஒருவரா, பன்னிரண்டில் ஒருவரா என்பது வார முடிவில் தெரிந்துவிடும். கேஷ் ஆன் டெலிவரியில் அனுப்புகிறவர்கள் திரும்பி வந்த பார்சலையும் கழிக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில் 80 பேச்சுக்கு 10 ஆர்டர் வந்து அதில் இரண்டு திரும்பினால், பத்துக்கு ஒன்றுதான் விற்றதாகிறது. ஒரு பேச்சுக்குக் கொடுக்கத்தக்க விலை 31-லிருந்து 25 ரூபாய்க்கு இறங்குகிறது, திரும்பிய கூரியர் செலவு தனி. இந்த எண் கையில் வந்த பிறகு, பூஸ்டில் அதிகம் பேச்சை இழுத்த பதிவை எடுத்து Use existing post வழியாக மெசேஜ் கேம்பெய்னில் வைக்கலாம். வைத்தபின் ஒரு வாரம் தொடாமல் விட வேண்டும். படத்தையோ பார்வையாளரையோ நோக்கத்தையோ நடுவில் மாற்றினால் கற்கும் கட்டம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கிவிடும்.