பணி அட்டை வழி ஒருவருக்கொருவர் கற்பித்தல்

ஒரே வகுப்பு மாணவர்கள் இருவராகவோ மூவராகவோ பிரிந்து, ஒருவர் செய்ய மற்றவர் அட்டையைப் பார்த்துத் திருத்தி, பிறகு இடம் மாறிக்கொள்ளும் கற்பித்தல் முறை இது. ஓர் ஆசிரியருக்கு நாற்பது, ஐம்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில், குறிப்பாக உடற்கல்விப் பாடவேளையில், அதிகம் பயன்படுகிறது. அதற்கு இன்றைய வடிவம் கொடுத்தவர் மஸ்கா மாஸ்டன். 1966இல் வெளியான உடற்கல்வி கற்பித்தல் பற்றிய நூலில் அவர் வகுத்த பாணிகளில் இதுவும் ஒன்று.

பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது சென்னைக்குப் பழையது. திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்குப் பாடம் சொன்னான். எழும்பூரில் இருந்த ஆண் அனாதைகள் விடுதிப் பள்ளியின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தன் பள்ளியில் நடத்திக்காட்ட ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனைப் பொறுப்பாக்கினார். பின்னர் ஒவ்வொரு வகுப்பையும் சொல்லிக்கொடுப்பவன், கற்பவன் என்று இரட்டையராகப் பிரித்தார். 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கையின் வழியே அது ‘மெட்ராஸ் முறை’ என்று பரவியது. ஆனால் பெல்லின் ஏற்பாட்டில் அறிவு மூத்தவனின் தலையில் இருந்தது. அவனுக்குத் தெரியாததை இளையவன் கற்க வழியில்லை, இருவரும் இடம் மாறவும் முடியாது.

அட்டைகள் பெருமளவில் வகுப்பறைக்குள் வந்தது 2003இல், சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது. அப்போது ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திரத்தின் ரிஷி வேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான அட்டை முறையைப் பின்பற்றி அதைக் கொண்டுவந்தார். பாடம் ஏணிப் படிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை. ஆசிரியர் உதவியோடு கற்கும் குழு, சக மாணவர் உதவியோடு கற்கும் குழு, தானே கற்கும் குழு என்று பிள்ளைகள் பாயில் அமர்ந்தார்கள். சில ஆண்டுகளில் தமிழகம் முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்கு அது பரவியது. இங்கே அறிவு அட்டைக்கு வந்துவிட்டது. ஆயினும் அந்த அட்டை பேசியது கற்பவரிடம்தான். பக்கத்தில் உட்கார்ந்து உதவும் பிள்ளை எதைக் கவனிக்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்பதை அது சொல்லவில்லை. மாஸ்டன் முறையில் அட்டை உதவுபவரின் கையில் இருக்கிறது, அவருக்காகவே எழுதப்படுகிறது. திறமையில் சமமான இருவரோ, சற்றுப் பின்தங்கியவரோகூடத் திருத்துபவராக இருக்க முடிவது அதனால்தான்.

கைப்பந்தில் கீழ்க்கைப் பாஸ், அதாவது அண்டர்ஹேண்ட் பாஸ், இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வகுப்பில் 48 பேர், பாடவேளை 40 நிமிடம் என்று கொள்வோம். பந்தை யாராவது எறிந்து கொடுக்க வேண்டியிருப்பதால் இங்கே மூவர் அணி பொருந்தும்: எறிபவர், செய்பவர், கவனிப்பவர். மொத்தம் 16 அணிகள். மயிலாப்பூர், தியாகராய நகர் போன்ற நெருக்கமான பகுதிகளில் பெரிய மைதானம் எல்லாப் பள்ளிக்கும் வாய்க்காது. ஒரு கூடைப்பந்துத் தளம் இருந்தால் போதும். 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட தளத்தை நான்குக்கு நான்காகப் பிரித்தால் அணிக்கு 7 மீட்டருக்கு 3.75 மீட்டர் கிடைக்கும். எல்லா அணியும் ஒரே திசையில் எறிய வேண்டும், இல்லையென்றால் பந்து பக்கத்து அணியின் முதுகில் விழும். பந்து எட்டுதான் இருக்கிறது என்றால் பாதி அணிகள் பந்தில்லாமல் கால் நிலையையும் கை இணைப்பையும் பழகிவிட்டு மாறிக்கொள்ளலாம்.

அட்டையில் நான்கு கேள்விகளுக்கு மேல் வேண்டாம். ஒரு கால் சற்று முன்னால் இருக்கிறதா? பந்து வருமுன்பே முழங்கால் மடங்கியிருக்கிறதா? பந்து படும்போது முழங்கை நேராக இருக்கிறதா? பந்து மணிக்கட்டுக்கு மேலே, முன்கையில் பட்டதா? ஒவ்வொன்றும் கண்ணால் பார்த்து ஆம், இல்லை என்று சொல்லக்கூடியது. ‘சரியாக நிற்கிறானா’ என்று எழுதினால் அட்டை வீண், ஏனென்றால் எது சரி என்பது கவனிப்பவருக்கே தெரியாது. கேள்விக்குப் பக்கத்தில் கோட்டுப்படமும், செய்பவரிடம் சொல்ல வேண்டிய ஒரு வரியும் இருக்க வேண்டும்: ‘முழங்கை மடங்குது, கையைப் பூட்டு’ என்பதுபோல. வாசிப்பில் தடுமாறும் பிள்ளைக்குப் படமே போதும்.

முதல் ஐந்தாறு நிமிடம் ஆசிரியர் செய்து காட்டுகிறார். பாஸை மட்டும் காட்டினால் போதாது, கவனிப்பதையும் காட்ட வேண்டும். அவரே வேண்டுமென்று முழங்கையை மடக்கி அடித்து, அட்டையில் எந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று வகுப்பைக் கேட்பது நல்ல வழி. பிறகு ஒருவருக்குப் பத்துப் பத்து எறிதலாக மூவரும் சுற்றி வருகிறார்கள். கவனிப்பவர் ஓர் எறிதலுக்கு ஒரு கேள்வியை மட்டுமே பார்க்கிறார். நான்கையும் ஒரே கண்ணில் பார்க்கச் சொன்னால் எதையும் பார்க்க மாட்டார். ஒவ்வொருவர் முறைக்கும் எட்டு நிமிடம் என்றால் 24 நிமிடத்தில் மூவரும் எல்லாப் பொறுப்பிலும் இருந்து முடித்திருப்பார்கள்.

ஆசிரியருக்கு இதில் கடினமான விதி ஒன்று உண்டு. அவர் கவனிப்பவரிடம்தான் பேசலாம், செய்பவரிடம் பேசக் கூடாது. பிழை கண்ணில் பட்டதும் “டேய், கையை நீட்டுடா” என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லிவிட்டால் அந்த நொடியிலிருந்து செய்பவர் ஆசிரியரைப் பார்க்கத் தொடங்குவார், கவனிப்பவரின் வேலை போய்விடும். மாறாக, “கடைசிப் பந்துல அவன் முழங்கை எப்படி இருந்தது? அட்டையில பாரு” என்று கேட்டால் கவனிப்பவரின் கண் திருந்தும், அவர் வழியே செய்பவரின் கையும் திருந்தும். பதினாறு அணிகளை ஒரே ஆசிரியரால் நடத்த முடிவதும் இதனால்தான்.

பெரும்பாலும் தவறுவது கவனிப்பவரின் பார்வைதான். அவர் ஆளைப் பார்க்காமல் பந்தைப் பார்க்கிறார். பந்து நேராகப் போனால் எல்லாக் கட்டத்திலும் டிக், தப்பிப் போனால் எல்லாவற்றிலும் பெருக்கல் குறி. அட்டையில் ஒரே குறி வரிசையாக இருந்தால் ஐயம் கொள்ளலாம். ‘எந்தக் கால் முன்னால் இருந்தது’ என்று கேட்டால் தெரிந்துவிடும்: பார்த்தவர் உடனே சொல்வார், பாராதவர் செய்பவரைத் திரும்பிப் பார்ப்பார். இன்னொரு தவறு நட்பால் வருகிறது. எதைச் செய்தாலும் ‘சூப்பர்’ என்று சொல்லும் நண்பரால் பயனில்லை. குறை சொல்லவே காத்திருக்கும் போட்டியாளராலும் பயனில்லை. முதல் சில வாரம் பிள்ளைகளே துணையைத் தேர்ந்தெடுக்கட்டும், அட்டை பழகியபின் ஆசிரியர் மாற்றி அமைக்கட்டும் என்பதே எனக்கு ஏற்றதாகத் தோன்றுகிறது. திருத்தத்தை ஏற்கும் பழக்கம் முதலில் நம்பிக்கையான ஒருவரிடம்தான் தொடங்கும்.

எல்லாத் திறனுக்கும் இது ஒத்துவராது. கைகளில் தலைகீழாக நிற்பது, பெட்டி தாண்டுவது போன்றவற்றில் கீழே விழுபவரைத் தாங்கப் பயிற்சி பெற்ற கை வேண்டும், அட்டை பிடித்த கை உதவாது. இதுவரை பார்த்தேயிராத திறனையும் அட்டையால் அறிமுகப்படுத்த முடியாது. எதிராளியைப் பார்த்து நொடியில் முடிவெடுக்க வேண்டிய கபடிப் பிடி போன்றவற்றில் நான்கு கேள்விக்குள் அடங்காத பகுதியே பெரிது. பிள்ளைகள் போட்ட குறிகளை மதிப்பெண்ணாக்கவும் கூடாது. மதிப்பெண் ஆகும் என்று தெரிந்த அன்றே நண்பனைக் காப்பாற்ற எல்லாக் கட்டத்திலும் டிக் விழத் தொடங்கும், அடுத்த வகுப்பில் எதைத் திரும்பச் செய்து காட்ட வேண்டும் என்பதை அட்டையிலிருந்து ஆசிரியரால் அறிய முடியாமல் போகும்.