மாமூத்தும் காட்டு ஒட்டகமும்

1959-இல் டென்மார்க் தொல்லியலாளர்கள் அபுதாபியை ஒட்டிய உம் அல் நார் தீவில் கல்லறைகளைத் தோண்டத் தொடங்கினார்கள். அங்கே ஒரு கல்லறையின் கல்லில் ஒட்டகம் ஒன்று புடைப்பாகச் செதுக்கப்பட்டிருந்தது. அதன் வயது 4000 ஆண்டுகளுக்கு மேல். அன்று அரேபியாவில் ஒட்டகத்தை யாரும் பழக்கியிருக்கவில்லை. மனிதன் வேட்டையாடிய காட்டு ஒட்டகம் அது. அதே காலத்தில் சைபீரியாவுக்கு வடக்கே ரேங்கல் தீவில் உலகின் கடைசி கம்பளி மாமூத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. இன்று இரண்டும் இல்லை. காரணம் பருவநிலையா, வேட்டையா?

முதலில் மாமூத். பனியுகம் முடிந்து வெப்பம் ஏறியபோது அதன் புல்வெளி காடாகவும் சதுப்பாகவும் மாறியது. ஆனால் சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன்பும் இதுபோல ஒரு வெப்பக் காலம் வந்து போனது. அதை மாமூத் தாங்கிவிட்டது. இரண்டாம் முறை அதன் வாழிடத்தின் பெரும்பகுதியில் ஈட்டியோடு மனிதன் இருந்தான். இதை வைத்து வேட்டையே காரணம் என்று முடித்துவிட முடியாது. அலாஸ்காவுக்கு அப்பாலுள்ள செயின்ட் பால் தீவில் அப்போது மனிதனே இல்லை. கடல் உயர்ந்து தீவு சுருங்கியது, நன்னீர் ஏரி வற்றியது. சுமார் 5600 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த மாமூத்துகள் அழிந்தன. ஒதுங்க இடமில்லாத சிறு கூட்டத்தைப் பருவநிலை தனியாகவே முடித்துவிடும்.

வளைகுடாவின் கதை வேறு. சுமார் 6500 ஆண்டுகளுக்கு முன் மழை இன்றைவிட அதிகம். அபுதாபியின் மேற்கே பைனூனாவில், வேட்டையில் விழுந்த காட்டு ஒட்டகங்களின் எலும்புகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. பிறகு மழை குறைந்து நிலம் வறண்டது. ஆனாலும் வறட்சி மட்டும் ஒட்டகத்தைக் கொன்றிருக்காது. பாலையைத் தாங்க அதைவிடத் தகுந்த பெரிய விலங்கு அங்கே இல்லை. வறட்சி செய்தது, மேய்ச்சலையும் நீரையும் சில இடங்களுக்குள் சுருக்கியதுதான். விலங்கு எங்கே வரும் என்பது வேடனுக்குத் தெரிந்துவிட்டால் தப்பிக்க வழி குறைவு. துபாயின் அல் சுஃபூவில் கிடைத்த ஏராளமான ஒட்டக எலும்புகள், வேட்டை அதற்குப் பின்னும் நெடுங்காலம் தொடர்ந்ததைச் சொல்கின்றன.

முடிவை எலும்பின் அளவு காட்டுகிறது. உம் அல் குவைன் எல்லையிலுள்ள தெல் அப்ரக்கில் கீழ் அடுக்குகளில் கிடைப்பவை பெரிய காட்டு ஒட்டகங்கள். சுமார் 3000 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்கிலிருந்து சிறிய எலும்புகள் வருகின்றன. அவை வளர்ப்பு ஒட்டகங்கள். காட்டு ஒட்டகம் அருகி, சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் முற்றிலும் மறைந்தது.

ஆகவே என் தீர்ப்பு இது: பெருநிலத்து மாமூத்தின் வாழிடத்தைச் சுருக்கியது பருவநிலை, சுருங்கிய கூட்டம் மீள முடியாதபடி செய்ததில் வேட்டைக்குப் பங்கு உண்டு. காட்டு ஒட்டகத்தில் வேட்டையின் பங்கே பெரிது. இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடு, ஒட்டகத்தை மனிதன் சரியான நேரத்தில் பழக்கிக்கொண்டான் என்பதுதான். அதனால் அதன் வம்சம் மிஞ்சியது. மாமூத்துக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

(தொடரும்)