பதினைந்து நிமிட எல்லை: சரிபார்க்கப்படாத யூடியூப் சனலின் பதிவேற்றச் செய்தியை வாசித்தல்

1. எடுத்துக்கொண்ட நேர்வு

கொட்டியாரக் குடாவின் தென்பக்கம், மூதூரை அடுத்த தோப்பூரில் பள்ளிவாசல் பயான் ஒன்றை ஓர் இளைஞர் போனில் முழுமையாகப் பதிவு செய்கிறார் என்று கொள்வோம். நீளம் 42 நிமிடம். சனல் புதியது, போன் நம்பர் சரிபார்க்கப்படவில்லை. நிமிடத்துக்கு 130 எம்.பி. அளவில் பதியும் போன் என்றால் கோப்பு ஏறக்குறைய ஐந்தரை ஜி.பி. வரும். டேட்டாவைச் செலவழித்து அத்தனையும் ஏற்றி முடித்த பிறகு திரையில் "Processing abandoned" என்றும், அதற்குக் காரணமாக "Video is too long" என்றும் தோன்றுகின்றன.

இதைப் பார்க்கும் பலர் இணைப்பைக் குறை சொல்லி, அதே கோப்பை மறுபடியும் ஏற்றுகிறார்கள். அது வீண் செலவு. கோப்பு பழுதாகவில்லை, இணைப்பும் அறுபடவில்லை. வீடியோவின் நீளம்தான் மறுக்கப்பட்டிருக்கிறது.

2. எல்லை வந்த வழி

2006 மார்ச்சில் யூடியூப் 10 நிமிட எல்லையை வைத்தது. அதைவிட நீண்ட வீடியோக்களில் பெரும்பகுதி, உரிமையில்லாமல் ஏற்றப்பட்ட தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் படங்களுமாக இருந்ததே காரணம். 2010 ஜூலையில் எல்லை 15 நிமிடமாக உயர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில், விதிகளை மீறாத கணக்குகள் சிலவற்றுக்கு அது நீக்கப்பட்டது. இன்றுள்ள ஏற்பாடும் இந்தத் தடத்தில்தான் செல்கிறது: யாரென்று அறியாத கணக்குக்கு 15 நிமிடம், ஒரு போன் நம்பரைப் பொறுப்பாகக் காட்டும் கணக்குக்கு 12 மணி நேரம் அல்லது 256 ஜி.பி., இவற்றில் எது குறைவோ அது. பயான் பதிவு செய்பவருக்கு இந்த மேல் எல்லை ஒருநாளும் தட்டாது.

3. நீளமா, எண்ணிக்கையா

வேறொரு செய்தியும் உண்டு: "Daily upload limit reached". இரண்டையும் ஒன்றாக வாசிப்பதிலிருந்தே பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது. முதலாவதான "Video is too long" ஒரு வீடியோவின் நீளத்தைப் பற்றியது. இரண்டாவது, ஒரு நாளில் அந்தச் சனல் எத்தனை வீடியோ ஏற்றியது என்பதைப் பற்றியது; போனில் ஏற்றியதும் கணினியில் ஏற்றியதும் சேர்ந்தே எண்ணப்படும். 24 மணி நேரம் கழித்து மீண்டும் முயலலாம். நீள மறுப்போ எத்தனை நாள் காத்திருந்தாலும் மாறாது.

போன் சரிபார்ப்பு திறந்துவிடுவது நீளத்தை. அன்றாட எண்ணிக்கையை உயர்த்துவது அதற்கு மேலுள்ள படி; அந்தப் படிக்கு விதி மீறாத சனல் வரலாறோ, அடையாள அட்டை அல்லது முக வீடியோ வழியான சரிபார்ப்போ வேண்டும். ஆகவே பயானை மூன்று துண்டாக வெட்டி ஏற்றுவது தற்காலிக வழிதான்: நீள எல்லையைத் தாண்டினாலும், ஒரு பதிவு அன்றைய எண்ணிக்கையில் மூன்றாகிவிடுகிறது. பேச்சின் தொடர்ச்சி அறுவதும் கேட்பவருக்கு இழப்பே.

4. சரிபார்க்கும் முறை

youtube.com/verify என்ற முகவரிக்குச் செல்லலாம். அல்லது யூடியூப் ஸ்டூடியோவில் Settings, Channel, Feature eligibility என்ற வரிசையில் போய் "Intermediate features" பகுதியைத் திறக்கலாம். நாடாக இலங்கையைத் தேர்ந்து நம்பரைக் கொடுத்தால், எஸ்.எம்.எஸ். அல்லது தானியங்கி அழைப்பு வழியாக ஆறு இலக்கக் கோட் வரும். எஸ்.எம்.எஸ். வராதபோது, அதையே திரும்பத் திரும்பக் கேட்பதைவிட அழைப்பு முறைக்கு மாறுவது நல்லது.

கோட் ஏற்கப்பட்டதும் அந்தப் பகுதியில் "Enabled" என்று தெரியும். அதுதான் உறுதியான அடையாளம். பெயருக்குப் பக்கத்தில் தோன்றும் சரிக் குறியை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். அந்தக் குறிக்கு 100,000 சந்தாதாரர் வேண்டும், அது வேறு ஏற்பாடு. முன்பு மறுக்கப்பட்ட பயானும் தானாக உயிர்பெறாது. அந்தப் பதிவை அழித்துவிட்டு, கோப்பைப் புதிதாக ஏற்ற வேண்டும். மூலக் கோப்பைப் போனிலிருந்து அதற்குள் அழித்தவர் அதை யூடியூபிலிருந்து மீட்க முடியாது. சொந்தத் தம்ப்நெயில் படம் வைக்கும் வசதியும் இதே படியில் கிடைக்கிறது. நேரலையும் அப்படியே, ஆனால் அதை முதன்முறை இயக்கும்போது 24 மணி நேரம் வரை பிடிக்கலாம்.

5. நம்பரின் எல்லை

ஒரு போன் நம்பரால் ஓர் ஆண்டில் 2 சனல்களை மட்டுமே சரிபார்க்க முடியும். கிராமத்தில் இது நடைமுறைச் சிக்கல். கடைக்காரர் ஒருவரின் நம்பரைப் பலரும் கொடுத்தால் மூன்றாமவர் மறுக்கப்படுவார். அந்த நம்பருள்ள போன் அவர் கையிலேயே இருந்தாலும் பயனில்லை. பள்ளிவாசல், விளையாட்டுக் கழகம் போன்ற பொதுச் சனலை நடத்துவோர், யாருடைய நம்பர் எதற்குப் பயன்பட்டது என்று எழுதி வைத்திருப்பது அவசியம். கொடுக்க நினைக்கும் நம்பர் அந்த ஆண்டில் ஏற்கெனவே இரண்டு சனலுக்குப் போயிருந்தால், நிர்வாகத்தில் இன்னொருவரின் நம்பரைக் கொடுத்து அன்றைக்கே வேலையை முடிக்கலாம்.