முந்தைய ஆண்டு வினாத்தாள் தலைப்புகள்

முந்தைய ஆண்டு வினாத்தாள் தலைப்பு என்பது, பொதுத்தேர்வு எழுதும் மாணவர் பதிவிறக்கும் பழைய வினாத்தாள் எந்தத் தேர்வுக்குரியது என்பதைக் காட்டும் பெயர். வகுப்பு, பாடம், தேர்வின் வகை, மாதம், ஆண்டு ஆகியவை அதில் இடம்பெறும். இக்கட்டுரை தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் பிளஸ் டூ தேர்வை, அதிலும் கணிதப் பாடத்தை, எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

தலைப்பில் மிகுதியாகக் குழப்பம் தருவது ஆண்டுதான். பள்ளிகள் கல்வியாண்டை 2018–19 என்று எழுதும். தேர்வு நடப்பதோ அதன் இறுதியில், மார்ச் 2019இல். தலைப்பில் ‘2019’ என்று மட்டும் இருந்தால் அது மார்ச் தேர்வா, தோல்வியுற்றவர்களுக்காகப் பின்னர் நடந்த துணைத்தேர்வா, அல்லது 2019–20 கல்வியாண்டின் அரையாண்டுத் தேர்வா என்று தெரியாது. மாதத்தையும் சேர்த்து எழுதினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பிளஸ் டூ கணிதத்தில் 2018, 2019, 2020 ஆகிய மூன்று மார்ச் மாதத் தாள்கள் அடுத்தடுத்த ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஆனால் மூன்றும் மூன்று வகை. மார்ச் 2018 தாள் 200 மதிப்பெண்ணுக்கானது: ஒரு மதிப்பெண் வினாக்கள் 40, ஆறு மதிப்பெண்ணில் 10, பத்து மதிப்பெண்ணில் 10. மறு ஆண்டே பிளஸ் டூவின் மொத்த மதிப்பெண் 1200இலிருந்து 600 ஆனது. கணிதத் தாள் 90 மதிப்பெண்ணுக்குச் சுருங்கியது. மீதி 10 அகமதிப்பீடு. ஒரு மதிப்பெண் வினாக்கள் 20, இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண் வினாக்கள் தலா ஏழு எழுத வேண்டும் என்று அமைப்பு மாறியது. ஆனால் மார்ச் 2019இல் மாணவர்கள் படித்தது இன்னும் பழைய புத்தகத்தையே. புதிய பாடத்திட்டம் பிளஸ் டூவுக்கு வந்தது 2019–20இல்தான். ஆகவே மார்ச் 2020தான் புதிய புத்தகத்தின் முதல் பொதுத்தேர்வுத் தாள்.

மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவது 2019 தாளில்தான். 90 மதிப்பெண் என்று இருப்பதால் இன்றைய தாள் போலவே தோன்றும். உள்ளே குலங்கள் பற்றிய வினா இருந்தால் அது பழைய புத்தகம். அந்தப் பகுதி புதிய புத்தகத்தில் இல்லை. மாறாக, சமன்பாட்டியலோ நேர்மாறு முக்கோணவியல் சார்புகளோ தனிப் பாடங்களாக வினாக்களைத் தந்திருந்தால் அது புதியது. ‘புதிய பாடத்திட்டம்’ என்ற சொற்களைத் தலைப்பில் ஒட்டிவைப்பது எளிது என்பதால், ஐயம் வந்தால் தாளைத் திறந்து இந்த ஒன்றைச் சரிபார்ப்பதே நம்பகமான வழி.

2021 இன்னொரு பொறி. பெருந்தொற்றால் அந்த ஆண்டுப் பள்ளி மாணவர்களுக்கான பிளஸ் டூ பொதுத்தேர்வு ரத்தானது. ‘மார்ச் 2021 பொதுத்தேர்வு, அசல் வினாத்தாள்’ என்ற தலைப்பின் கீழ் இருப்பது மாதிரி வினாத்தாளாகவோ பள்ளித் தேர்வுத் தாளாகவோதான் இருக்க முடியும். பத்தாம் வகுப்பிலோ 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் பள்ளி மாணவர்களுக்குத் தேர்வு இல்லை. தனித்தேர்வர்களுக்கு மட்டும் பின்னர் நடந்தது. 2022இல் தேர்வு மே மாதத்துக்குத் தள்ளிப்போனது, குறைக்கப்பட்ட பாடப்பகுதியோடு. எனவே ‘மார்ச் 2022’ என்ற தலைப்பும் பொருந்தாது. ‘மே 2022’ என்ற தாளை வைத்து எந்தப் பாடம் அடிக்கடி கேட்கப்படுகிறது என்று கணக்குப் போடுவதும் சரியாக வராது.

பாடப்பெயரிலும் கவனம் தேவை. ‘பிளஸ் டூ மேத்ஸ்’ என்று சுருக்கினால் கணிதமும் வணிகக் கணிதமும் ஒன்றாகிவிடும். கணினி அறிவியலும் கணினிப் பயன்பாடுகளும் அப்படியே. ‘தமிழ் வழி’, ‘ஆங்கில வழி’ என்ற குறிப்போ மொழிப்பாடம் அல்லாத தாள்களுக்குப் பெரும்பாலும் தேவையற்றது, ஏனெனில் ஒரே தாளில் இரு மொழிகளிலும் வினாக்கள் அச்சாகின்றன. இந்தக் குறிப்புக்குப் பொருள் வருவது விடைக்குறிப்பு இணைந்திருக்கும்போதுதான். அந்த விடைக்குறிப்பு திருத்தும் பணிக்காகத் துறை வெளியிட்டதா, ஓர் ஆசிரியர் தயாரித்ததா என்பதையும் தலைப்பு சொல்ல வேண்டும். ஆனால் பல தலைப்புகள் இதைச் சொல்வதில்லை.

இவற்றையெல்லாம் தாங்கும் தலைப்பு நீளமாக இருக்கத் தேவையில்லை. ‘12ஆம் வகுப்பு, கணிதம், பொதுத்தேர்வு, மார்ச் 2020, விடைக்குறிப்பு இல்லை’ என்பதே போதும். கோப்பின் பெயரும் இதே விவரங்களோடு `12_Maths_Public_2020_03.pdf` என்று அமைந்தால், ஆண்டை முன்னும் மாதத்தை எண்ணிலும் வைத்ததால், ஒரே பாடத்தின் பல ஆண்டுப் பொதுத்தேர்வுத் தாள்களைச் சேமிக்கும்போது அவை தேர்வு நடந்த வரிசையிலேயே அடுக்கப்படும்.