குறுகிய தரைத்தொடர்பு தசைநாணின் விறைப்பைக் காட்டுகிறதா?

டெப்த் ஜம்ப்பில் எழும்பிய உயரத்தைத் தரைத்தொடர்பு நேரத்தால் வகுத்தால் எதிர்வினை வலிமைச் சுட்டெண் கிடைக்கிறது. தொடர்பு நேரம் 0.25 விநாடிக்குக் கீழே இருந்தால் அக்கிலிஸ் தசைநாண் விறைப்பானது என்று கொள்ளும் போக்கு பயிற்சி ஆய்வுகளில் நிலவுகிறது. இந்த முடிவுக்கு அளவீடு இடம் தரவில்லை என்பதே என் வாதம். 30 செ.மீ. பெட்டியிலிருந்து இறங்கி அதே உயரம் எழும்பும் ஒருவரின் வேகம் தரையில் ஏறத்தாழ விநாடிக்கு 4.85 மீட்டர் மாறுகிறது. இதை 0.20 விநாடியில் செய்யச் சராசரியாக உடல் எடையின் மூன்றரை மடங்கு விசை வேண்டும், 0.16 விநாடியில் செய்ய நான்கு மடங்குக்குச் சற்று மேல். நேரம் குறையக் குறையத் தசைநாண் மீதான இழுவிசை கூடுகிறது. விறைப்பு மாறாத தசைநாண் அப்போது அதிகமாகவே நீள்கிறது. குறுகிய தொடர்பு காட்டுவது ஒட்டுமொத்தக் காலின் விறைப்பை. தசையும் தசைநாணும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிணைந்தவை என்பதால், தசை தளர்ந்து கொடுத்தாலே கால் தளர்ந்துவிடும், தசைநாண் எப்படி இருந்தாலும்.

கூபோவும் உடனாய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வை இங்கே ஊன்றிப் படிக்க வேண்டும். பத்துப் பேர் 12 வாரங்கள் ஒரு காலுக்குக் குதிப்புப் பயிற்சியும் மறுகாலுக்கு எடைப்பயிற்சியும் செய்தனர். எடைப்பயிற்சி பெற்ற காலில் தசைநாண் விறைப்பு கூடியது. கணுக்கால் மூட்டின் விறைப்பு கூடவில்லை. குதித்த காலில் நேர்மாறாக மூட்டு விறைப்பு கூடியது, தசைநாண் விறைப்பில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. இறங்கிக் குதிக்கும் உயரம் அதிகம் வளர்ந்ததும் இந்தக் காலில்தான். இரண்டு விறைப்புகளும் ஒன்றே என்றால் இந்த முடிவு வந்திருக்க முடியாது.

ஆனால் இதே ஆய்வில் குதிக்கும்போது பதிவான தசை மின்வரைவின் மாற்றத்தில் இரு கால்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தசையின் இயக்கம் வேறுபடாவிட்டால் குதித்த காலில் மட்டும் மூட்டு விறைப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். வலுவான கேள்விதான் இது. எனினும் மின்வரைவின் வீச்சு தசைக்குச் செல்லும் தூண்டலைத்தான் காட்டுகிறது. அத்தூண்டலில் தசையிழைகள் எந்த நீளத்தில் நிற்கின்றன, இழுக்கப்படும்போது எவ்வளவு எதிர்க்கின்றன என்பதை அது சொல்வதில்லை. தூண்டப்பட்ட தசையின் சொந்த விறைப்பு கூடியிருக்கலாம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பத்துப் பேரைக் கொண்டு இதை அறுதியிட முடியாதென்பதையும் ஏற்கிறேன். தசைநாண் விறைப்பு அசையாத மூட்டில் அளக்கப்பட்டது, தரையிறங்கும் வேகத்தில் அல்ல என்ற ஆட்சேபம் என்னைத் தயங்க வைக்கவில்லை. பயிற்சிக்கு முன்னும் பின்னும், இரு கால்களிலும், அளந்த முறை ஒன்றே. விறைப்பான தசைநாண் உடையோர் சிலர் வேகமாகவும் எழும்புகிறார்கள் என்பதும் உண்மை. அவர்களின் தசையும் வலுவானதாக இருக்கக்கூடும் என்பதால் அந்த ஒப்புமை எதையும் நிறுவாது.

எனவே பருவத் தொடக்கத்தில் 0.22 விநாடியாக இருந்த தொடர்பு நேரம் உயரம் குறையாமல் 0.18 ஆனால், கால் தரையிறக்கத்தை உறுதியாகத் தாங்குகிறது என்று எழுதலாம். தசைநாணைப் பற்றி எழுத வேண்டுமானால், விசையளவீட்டோடு சேர்த்து அல்ட்ராசவுண்டில் அதன் நீட்சியை அளந்தாக வேண்டும்.