விருந்தோம்பல் (சங்க இலக்கியம்)

முன்பின் அறியாதவர் வாயிலுக்கு வந்தாலும் வரவேற்று உணவும் தங்க இடமும் தரும் இல்லறக் கடமை. வள்ளல்களின் பெருவிருந்துகளே அதிகம் பேசப்படுகின்றன. ஆனால் இக்கடமையின் கனத்தை நன்கு காட்டுபவை சீறூர்த் தலைவர்களின் எளிய வீடுகளைப் பாடும் புறநானூற்றுப் பாடல்களே.

333ஆம் பாடலில், வீட்டிலிருந்த வரகும் தினையும் இரவலர் உண்டும் கொண்டும் போனதில் தீர்ந்துவிடுகின்றன. கைமாற்றாகவும் தானியம் கிடைக்கவில்லை. அந்நிலையிலும் புலவர்களை வெறும் வயிற்றுடன் அனுப்ப மனமில்லாத இல்லத்தரசி, விதைக்கென்று கதிரோடு காயவைத்திருந்த தினையை எடுத்து உரலில் இட்டுக் குற்றுகிறாள். விதைத்தினை என்பது அடுத்த விளைச்சல். அதைச் சமைப்பது வரும் பருவத்தையே பணயம் வைப்பதாகும். 316ஆம் பாடலின் தலைவனோ முந்தின நாள் வந்த விருந்துக்காகத் தன் பழைய வாளையே அடகு வைத்தவன்; மறுநாள் யாழ் அடகுக்குப் போகிறது.

மாலையில் கதவை அடைக்குமுன், உள்ளே வரவேண்டியவர் யாரேனும் உண்டா எனக் குரல் கொடுத்துக் கேட்கும் வழக்கமும் இருந்தது. நன்னாகையார் பாடிய குறுந்தொகை 118 இதைப் பதிவுசெய்கிறது. அக்குரலுக்கு வருவோரில் தன் காதலன் இல்லையே என்பது தலைவியின் துயரம்.